கூட்டத்துக்கு வராதவருக்குச் சேதி: குரூப்பா, போனா, வாய்ஸா, தனி எழுத்தா?

ஞாயிறு மூன்று மணிக்கு அயல்கூட்டம், அதாவது குடும்பஸ்ரீ மகளிர் குழுவின் வாரக் கூட்டம். பதினைந்து பேரில் ஒருவர் வரவில்லை, சொல்லியும் அனுப்பவில்லை. பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் குடும்பஸ்ரீ குழு நடத்துகிற செயலாளர் யாருக்கும் இது புதிதல்ல. அன்றைக்கே அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும், ஆனால் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது. அடுத்து எங்கே, எப்போது பார்க்கலாம் என்பதையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். இதற்கு நான்கு வழி புழக்கத்தில் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவருக்குத் தனியாக எழுதி அனுப்பும் நாலைந்து வரிதான்.

வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போட்டுக் கேட்பதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பதினான்கு பேர் பார்க்க அவர் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். போட்ட பிறகு மனசு கேட்காமல் அழித்தாலும், அழித்த தடம் அங்கேயே நிற்கும். அப்புறம் என்ன எழுதியிருந்தது என்று ஆளாளுக்கு யோசிப்பார்கள். குரூப்புக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கலாம். அன்றைய கூட்டத்தில் பேசியதை இரண்டு மூன்று வரியில் போடலாம், யார் வந்தார், யார் வரவில்லை என்ற பட்டியல் இல்லாமல்.

போன் நல்ல வழி மாதிரித் தெரியும். குரலில் அன்பு தெரியும், உடனே பேசித் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். சிக்கல் என்னவென்றால், போனை எடுத்தவர் அந்த நிமிடமே பதில் சொல்லியாக வேண்டும். நாம் 'ஏன் வரலை' என்று கேட்காவிட்டாலும் அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார். உண்மையான காரணம் வெளியே சொல்லக் கூடியதாக இருந்தால் சரி. வீட்டில் சண்டை, கையில் சந்தா இல்லை, குழுவில் யாரோ சொன்ன ஒரு சொல் தைத்துவிட்டது என்றால், வாயில் வந்த ஒரு சாக்கைச் சொல்லிவிடுவார். அடுத்த ஞாயிறு அந்தச் சாக்கையும் காப்பாற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஒரு வாரம் தவறியது இரண்டு வாரமாவது பெரும்பாலும் இப்படித்தான். எடுக்காமல் விட்ட அழைப்பு மூன்று சேர்ந்துவிட்டாலோ, வசூலுக்குத் துரத்துகிறார்கள் என்றே நினைப்பார்.

வாய்ஸ் மெசேஜுக்கு எங்கள் எல்லைப் பக்கத்தில் ஒரு தனி நியாயம் உண்டு. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவருக்கு மலையாள எழுத்து தெரியாது. இங்கேயே மலையாளப் பள்ளியில் படித்தவர் வீட்டில் தமிழ்தான் பேசுவார், ஆனால் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். குரலுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் வாய்ஸைத் தொட்டவுடன் அது சத்தமாக ஓடும். காதில் வைத்துக் கேட்கலாம் என்று தெரியாதவர் வீட்டில் மாமியார், பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள். பார்த்ததைக் காட்டும் நீல டிக்கை நிறுத்தி வைத்தவருக்குக்கூட, வாய்ஸைக் கேட்டுவிட்டார் என்ற அடையாளம் அனுப்பியவருக்குப் போய்விடும். அதை நிறுத்த வழியில்லை. இன்னொன்று, களைப்பில் பேசினால் சலிப்பு குரலில் ஏறிவிடும். எழுதியதைத் திருத்தலாம், மூச்சைத் திருத்த முடியாது.

எழுத்துப் படிக்காதவருக்கு வாய்ஸ்தான் சரி, அதில் மறுப்பில்லை. அரை நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, அதன் கீழே சந்திக்கிற நேரத்தை '5.30' '3.00' என்று எண்ணாக மட்டும் தனியாகத் தட்டிவிடுங்கள். எண் எந்த எழுத்துக்காரருக்கும் புரியும். நேரம் மறந்துபோனால் வாய்ஸை மறுபடி ஓடவிட வேண்டியதில்லை.

இனி தனி எழுத்து. சாந்தி என்ற உறுப்பினர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரவு சமையல் முடிந்து ஒன்பதுக்குள் போகிற மாதிரி, அன்றைக்கே இப்படி அனுப்பலாம்:

'சாந்தியக்கா, நல்லா இருக்கீங்களா? இன்னைக்கு ஓணச் சந்தைக்கு என்ன பலகாரம் செய்யறதுன்னு பேசுனோம். முறுக்கும் உண்ணியப்பமும் யோசனைல இருக்கு, இன்னும் முடிவாகலை. முறுக்கு மாவுக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும், அதக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கோம்.

புதன் பொழுதோட 5.30க்கு நான் பால் சொசைட்டில இருப்பேன், அங்க பத்து நிமிஷம் பேசலாம். இல்லைன்னா அடுத்த ஞாயிறு 3 மணிக்குக் கூட்டம் செல்வியக்கா வீட்ல, அங்க பாத்துக்கலாம்.

புதன்னா 1, ஞாயிறுன்னா 2ன்னு போட்டாப் போதும்.'

இதை மற்ற மூன்று வழியிலிருந்தும் பிரிப்பது கடைசி வரிதான். என் கணக்கில் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது: பதில் போட அவர் எவ்வளவு பாடுபட வேண்டும்? நாம் எவ்வளவு இதமாக எழுதினாலும், அவர் திரும்ப மூன்று வரி எழுதியாக வேண்டும் என்றால் அது பாரம்தான். கூச்சத்தில் இருப்பவர் அப்புறம் எழுதலாம் என்று வைத்துவிடுவார். இரண்டு நாள் போனால் வராததற்கு ஒரு கூச்சம், பதில் போடாததற்கு இன்னொரு கூச்சம். ஒரே ஒரு எண் போதும் என்றால் எந்தக் கீபோர்டிலும் தட்டலாம். காரணம் எழுத அங்கே இடமே இல்லை, அதனால் பொய்க்கும் இடமில்லை. சொல்ல விரும்பினால் அவரே சொல்லட்டும்.

இரண்டு வழி கொடுப்பதிலும் கணக்கு இருக்கிறது. ஞாயிறு மட்டும் சொன்னால், பதினான்கு முகத்துக்கு நடுவில் நேராக வந்து உட்கார வேண்டும். புதன் பால் ஊற்ற எப்படியும் வருகிற இடத்தில் ஒரே ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டால், ஞாயிறு வருவது லேசாகிவிடும். ஆகவே முதல் வழி அவர் வழக்கமாகப் போய் வருகிற இடமாக இருக்க வேண்டும். 'நீங்க எப்ப ஃப்ரீ' என்று கேட்பது மரியாதை மாதிரித் தெரியும், ஆனால் யோசிக்கிற வேலையை அவர் தலையில் கட்டுவது அது. நாலு ஐந்து நேரம் அடுக்கினாலும் அதே கதைதான்.

முறுக்கு மாவு வரி உண்மையாக இருக்க வேண்டும். முடிவாகிவிட்ட விஷயத்தை முடிவாகவில்லை என்று எழுதினால், ஞாயிறு வந்தவுடன் வெளுத்துவிடும். அவரிடம் கேட்க உண்மையில் எதுவும் இல்லையென்றால் பேசியதை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். 'எல்லாரும் உங்களத்தான் கேட்டாங்க' என்று இட்டு நிரப்பாதீர்கள். கேட்பவர் காதில் அது 'எல்லாரும் உங்களைப் பற்றிப் பேசினார்கள்' என்றுதான் விழும். அனுப்பும் முன் இன்னும் சில ஒட்டுகளைத் தேடி எடுத்துவிடுங்கள். 'அடுத்த வாரமாவது', 'ஒரு போன்கூட', 'நீங்க வராததால' இவற்றில் ஒன்று வந்தாலும் மீதி எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் வீண். 'பரவாயில்லை' என்பதும் அப்படித்தான். தப்பு நடந்தது, மன்னித்தோம் என்று சொல்லாமல் சொல்லிவிடும்.

பணத்தை இந்தச் சேதியில் கொண்டுவரவே கூடாது. வாரச் சந்தாவும் கடன் தவணையும் நின்றிருக்கலாம், செயலாளர் தலையில் அது ஓடிக்கொண்டும் இருக்கும். கூட்டம், சேமிப்பு, உள்கடன் மூன்றும் முறையாக நடக்க வேண்டும், கடன் நேரத்துக்குத் திரும்ப வேண்டும், கணக்குப் புத்தகம் சரியாக இருக்க வேண்டும் என்பது சுயஉதவிக் குழுக்களின் பஞ்சசூத்திரம். வங்கியில் லிங்கேஜ் கடனுக்குக் குழுவைத் தரம் பார்க்கும்போது வருகையையும் பார்க்கிறார்கள். நம் எழுத்தில் சூடு ஏறுவது இந்த நெருக்கடியால்தான். ஆனால் பல வீடுகளில் போன் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. வீட்டுக்காரரோ மகனோதான் முதலில் பார்ப்பார். பூட்டிய திரையிலேயே முதல் வரி தெரியும். 'தவணை பாக்கி' என்ற சொல் அங்கே கண்ணில் பட்டால் அவர் வீட்டுக்குள்ளேயே பதில் சொல்ல வேண்டி வரும். முதல் வரி நலம் விசாரிப்பதாகவே இருக்கட்டும். பாஸ்புக் பேச்சு புதன்கிழமை நேரில் இருக்கட்டும், அதுவும் அவர் எடுத்த பிறகு.

மினிட்ஸ் நோட்டில் பிறகு வந்து கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவதும் வேண்டாம். வராதவர் வரவில்லை என்றுதான் நோட்டில் இருக்க வேண்டும். நோட்டு சொல்ல வேண்டியதை நோட்டு சொல்லட்டும், சேதியில் அது வேண்டியதில்லை.

பதில் எப்படி வந்தாலும் ஏற்பாடு உண்டு. 1 வந்தால் 'சரிக்கா' போதும். வெறும் கட்டைவிரல் வந்தால் ஞாயிறு என்று எடுத்துக்கொள்ளுங்கள், எதைச் சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டாம். நீளமாகக் காரணம் எழுதினால் அதற்கு ஒரு வரி ஆறுதல், மேலே தோண்டக் கூடாது. நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால், பார்த்தது அவர்தான் என்று சொல்ல முடியாது. புதன் மதியம் ஒரே ஒரு முறை: 'இன்னைக்கு 5.30 சொசைட்டில இருப்பேன்கா. முடியலைன்னா ஞாயிறு பாத்துக்கலாம்.' அத்தோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது சேதி போனால் முதல் இரண்டும் கெட்டுவிடும்.

நான் சொல்வது பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்களோடு பழகியதை வைத்து. கோயம்புத்தூர்க் கம்பெனிக்குப் போய் வருகிற இளவட்டத்துக்கு இந்தச் சேதியே நீளமாகப் படலாம். அவர்களுக்குக் கடைசி இரண்டு பகுதியை மட்டும் அனுப்பினால் போதுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், போதும் என்றுதான் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரி, சாவு என்று காதில் விழுந்தால் எழுத்தெல்லாம் இல்லை, உடனே போன். மூன்றாவது வாரமும் வரவில்லையென்றாலும் எழுத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வழி. அவரோடு நெருக்கமான ஒருவர் மட்டும் போகட்டும், நோட்டும் பாஸ்புக்கும் இல்லாமல். தலைவியும் செயலாளரும் சேர்ந்து பையோடு வாசலில் நின்றால், அக்கம்பக்கத்துக்கு அது வசூலாகத்தான் தெரியும்.