நுனி வெடிப்பும் ஒளிப்படமும்: மலையகக் குளிரில் ஒரு பயன்பாட்டு அனுபவம்

கூந்தலை ஒளிப்படமெடுத்துப் பார்த்து, நுனியை வெட்டுவதா எண்ணெய் பூசுவதா என்று முடிவு செய்யும் முறையைச் சில ஆண்டுகளாக ஹட்டனிலுள்ள எங்கள் வீட்டில் பின்பற்றி வருகிறேன். படத்தில் முதலில் கண்ணைக் கவரும் பளபளப்பையும் பரட்டையையும் இங்கே அதிகம் நம்பக்கூடாது என்பதும், யாரும் படமெடுக்க நினைக்காத நுனியே உண்மையைச் சொல்லும் என்பதும் இக்காலத்தில் எனக்குத் தெளிவாகியிருக்கின்றன.

தலவாக்கலையில் வசிக்கும் என் தங்கையின் கூந்தல் இடுப்பு வரை நீண்டது. நுனி சற்றுச் செம்பட்டையாகத் தெரிகிறது என்றும், நல்ல எண்ணெய் ஏதேனும் சொல்லுமாறும் கேட்டு, முதுகுப்புறமாக எடுத்த படமொன்றை அவள் அனுப்பினாள். மின்னொளி போட்டு எடுத்திருந்ததால் முடி பட்டுப்போல் மின்னியது. ஆனால் எண்ணெய் பூசிய முடியும் நேரடி வெளிச்சத்தில் அப்படித்தான் மின்னும். கைத்தொலைபேசியின் அழகூட்டும் வசதியோ தனி மயிரிழைகளை அழித்தே விடும். அத்துடன், முழுக் கூந்தலும் அடங்கிய படத்தில் நுனி வெடிப்பைத் தேடுவது வீண் வேலை. ஒரு மயிரிழையின் தடிப்பு ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர். 3000 படப்புள்ளி அகலமுள்ள படத்தில் 30 சென்ரிமீற்றர் பரப்பை அடக்கினால் ஓர் இழைக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. 6 சென்ரிமீற்றர் பரப்பை மட்டும் எடுத்தால் மூன்று புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும், பிளவும் தெரியத் தொடங்கும்.

ஆகவே தலை குளித்த மறுநாள், எண்ணெய் பூசாத நிலையில், விரல் தடிப்புக்கு ஒரு கற்றையை எடுத்து வெள்ளைத் தாளில் விரித்து, மின்னொளியின்றி, யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கிட்ட வைத்து எடுக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் பல நுனிகள் கவண்போல இரண்டாகப் பிரிந்திருந்தன. அதைவிட முக்கியமாக, சில இழைகளில் நுனியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. வெள்ளைப் புள்ளி பொடுகென்றால் தட்டினால் உதிர்ந்துவிடும், அவளுடையது உதிரவில்லை. அது இழையின் மேலுறை நொறுங்கி உள்நார் விரிந்த இடம்; அடுத்து முறியப்போவதும் அங்கேதான்.

பிளந்த நுனியை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது, ஏனெனில் முடி தன்னைத்தானே பழுதுபார்க்கும் உயிருள்ள பொருளன்று. எனவே அந்தப் புள்ளிகளுக்கும் மேலே, ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வெட்டும்படி சொன்னேன். அவளுக்கு மனம் வரவில்லை. அம்மா பேசிய பிறகே சலூனுக்குப் போனாள். அதன்பின் மூன்று மாதத்துக்கொரு முறை 1 சென்ரிமீற்றர் மட்டும் வெட்டுகிறாள். அதற்குள் முடி சுமார் 3 சென்ரிமீற்றர் வளர்ந்துவிடுவதால் நீளம் குறைவதில்லை. கத்தரிக்கோல் முடிக்கென்றே வைத்திருக்கும் கூர்மையானதாக இருக்க வேண்டும்; தாள் வெட்டி மழுங்கியது நுனியை நசுக்கிப் புதிய பிளவை உண்டாக்கும்.

எண்ணெயின் வேலை இனி வரும் சேதத்தைக் குறைப்பதே. குளிப்பதற்கு முன் பூசும் தேங்காயெண்ணெய் இழைக்குள் ஊறி, கழுவும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று காட்டியது. (ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.) எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு: 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். கட்டியாக அள்ளித் தேய்த்தால் முடி சிக்குப்பட்டு இழுபடும் என்பதால், போத்தலைச் சுடுநீரில் வைத்து உருக்கி, இரண்டு தேக்கரண்டியளவை நடுப்பகுதியிலிருந்து நுனிவரை தடவி, சில மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுகிறோம். ஆமணக்கெண்ணெயையும் முயன்று பார்த்தோம். அதன் பிசுபிசுப்பைக் கழுவி எடுக்கச் சம்பு இரட்டிப்பாகத் தேவைப்பட்டது, ஆகவே விட்டுவிட்டோம்.

பின்னர் எடுத்த நுனிப் படங்களில் பிளவுகள் வெகுவாகக் குறைந்திருந்தன, வெள்ளைப் புள்ளிகளைக் காணவில்லை. உச்சிப் பரட்டை மட்டும் அப்படியே இருந்தது. மூடுபனி நாளில் முடி ஈரத்தை உறிஞ்சி உப்பும் என்பதால், தென்மேல் பருவமழைக் காலப் படத்தைப் பெப்ரவரி வெயிலில் எடுத்த படத்தோடு ஒப்பிடக்கூடாது. ஆனால் வெயில் நாளிலும் உச்சியில் குட்டை இழைகள் எழுந்து நின்றதால் அவற்றையும் கிட்ட வைத்துப் பார்த்தோம். நுனி மொட்டையாக இருந்தால் அது முறிந்த முடி. இவை ஊசிபோல மெலிந்து முடிந்தன, அதாவது புதிதாக முளைத்தவை. அவற்றை வெட்டக்கூடாது, வெளியே போகும்போது உள்ளங்கையில் இரண்டு துளி எண்ணெயைத் தேய்த்து மேலாக ஒற்றினால் சில மணி நேரம் படிந்திருக்கும்.