நிறங்காட்டியும் வெங்காயத் துணியும்: தனித்தனிச் சலுகை, அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு ஆகிய இரண்டின் ஒப்பீடு

கரைசல் ஒன்றைக் கொடுத்து, அது அமிலமா, காரமா, நடுநிலையா என்று கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அவர்களில் ஒரு மாணவிக்குப் பார்வை இல்லை. ஒரு மாணவனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. இது அவனுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது. இன்னொருவனுக்கு வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் டிஸ்லெக்சியா இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. நான்காவதாக ஒரு மாணவி, பத்து வரி எழுதுவதற்குள் விரல்கள் இறுகிப்போய்ப் பேனாவை வைத்துவிடுகிறாள். ஆனால் அவளிடம் எந்தச் சான்றிதழும் இல்லை.

மேசையில் செம்பருத்திச் சாறும் சில சோதனைக்குழாய்களும் இருக்கின்றன. சாற்றை அமிலத்தில் விட்டால் அடர் இளஞ்சிவப்பாகும், காரத்தில் விட்டால் பச்சையாகும். பாடப்புத்தகம் இந்தப் பொருளுக்கு வைத்திருக்கும் பெயர் நிறங்காட்டி. அந்தச் சொல்லுக்குள்ளேயே நிறம் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகுதான் நான் கவனித்தேன். இந்தப் பாடத்தை நால்வருக்கும் கொண்டுசேர்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழியில் பாடம் இருந்தபடியே இருக்கும். இடறுகிற பிள்ளைக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்யப்படும். பார்வையற்ற மாணவியின் பக்கத்தில் ஒரு தோழி உட்கார்ந்து, "இப்போது பச்சையாக மாறிவிட்டது" என்று சொல்வாள். டிஸ்லெக்சியா உள்ள மாணவனுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைப்பார்கள். இந்தியாவில் இதற்குச் சட்டத்தின் பலம் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு கூடுதல் நேரம், எழுதுபவர் வசதி, இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நாம் அனைவரும் இவற்றைச் சலுகை என்றே பேசிப் பழகிவிட்டோம், நானும் இங்கே வழக்கம் கருதி அப்படியே எழுதுகிறேன். ஆனால் சட்டத்தின் கண்ணில் இது உரிமை.

இந்த வழியின் பெரிய பலம் அதன் துல்லியம்தான். குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் குறிப்பிட்ட ஒரு தேவைக்கு அளவெடுத்துத் தைத்த ஏற்பாடு அது. கிடைக்காவிட்டால் எழுத்தில் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நம் நால்வரில் இருவர் இந்த வழியின் கண்ணிலேயே படவில்லை. நிறம் பிரியாத மாணவனுக்குப் பெயரிடப்பட்ட குறைபாடு எதுவும் பதிவில் இல்லை. விரல் இறுகும் மாணவிக்கு, குறைபாடு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாதது என்ற சான்றிதழ் கிடைக்காமல் போகலாம். இதே போன்ற எழுத்துப் பிடிப்பு உள்ள ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில், எழுதுபவர் வசதியை நாற்பது விழுக்காடு என்ற அளவுகோலுக்குள் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அந்த நியாயத்தைப் பெற ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதைவிட என்னை உறுத்துவது, தோழி நிறத்தைச் சொல்லும் காட்சி. "பச்சை" என்று கேட்ட மாணவி, "அப்படியானால் காரம்" என்று சரியாகவே எழுதுவாள், முழு மதிப்பெண்ணும் வாங்குவாள். ஆனால் அவள் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. தோழி பார்த்ததை நம்பினாள், அட்டவணையை நினைவிலிருந்து சொன்னாள், அவ்வளவுதான். ஏற்பாடு குறையின்றி நடந்திருக்கிறது, அறிவியல் நடக்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் இந்த இழப்பு எங்குமே தெரியாது.

இரண்டாம் வழி, பாடத்தைத் திட்டமிடும்போதே தடையை எடுத்துவிடுவது. கட்டடக் கலையில் ரொனால்ட் மேஸ் முன்வைத்த அனைவருக்குமான வடிவமைப்பு என்ற கருத்திலிருந்து இது பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1984இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பில் ஆன் மேயர், டேவிட் ரோஸ் முதலியோர் அதைக் கற்றலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆர்வம் கொள்ளவும், செய்தியைப் பெறவும், தெரிந்ததை வெளிப்படுத்தவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைப் பாடத்திலேயே வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் வேலையைத் தொடங்கும் இடம் அந்த மூன்றும் அல்ல. பாடத்தின் நோக்கத்தையும் அதற்கு நாம் பயன்படுத்தும் கருவியையும் பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை. "செம்பருத்திச் சாற்றின் நிறமாற்றத்தைக் கண்டு எழுதுக" என்று நோக்கத்தை எழுதினால், பார்வையும் எழுத்தும் நோக்கத்துக்குள்ளேயே புகுந்துகொள்கின்றன. "கொடுத்த கரைசல் எவ்வகை என்பதைச் சான்றோடு நிறுவுக" என்று எழுதினால் இரண்டும் வெளியே வந்துவிடுகின்றன.

அப்படி எழுதிய பிறகு பாடம் எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, சுத்தமான துணித்துண்டுகளோடு ஒரு பையில் போட்டுக் கட்டி, ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் துணியில் வெங்காய மணம் ஏறிவிடும். மறுநாள் ஒரு துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், இன்னொன்றில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடையும் சில சொட்டுகள் விட்டு, இரண்டையும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, சற்றுத் தள்ளிப் பிடித்துக் கையால் காற்றை விசிறி முகர வேண்டும். அமிலம் பட்ட துணியில் மணம் இருக்கும். காரம் பட்டதில் மங்கிவிடும் அல்லது இராது. பத்தாம் வகுப்புப் பாடநூல்களில் பல காலமாக இருக்கும் சோதனைதான் இது; ஆனால் பெரும்பாலும் கூடுதல் தகவலாக வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இதோடு நிறுத்தினால் பாடம் தவறிவிடும். உப்புக் கரைசல் பட்ட துணியிலும் மணம் அப்படியேதான் இருக்கும். ஆகவே வெங்காயம் காரத்தைக் காட்டிக்கொடுக்குமே தவிர, அமிலத்தையும் நடுநிலையையும் பிரிக்காது. அதற்கு இரண்டாவது சோதனை தேவை. கரைசலில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டால், அமிலம் என்றால் பொங்கும். சோதனைக்குழாயைக் காதருகே கொண்டுபோனால் அந்தச் சீறல் கேட்கும், குழாயைப் பிடித்திருக்கும் விரலுக்கும் அதிர்வு தெரியலாம். மணம் போனால் காரம், பொங்கினால் அமிலம், இரண்டும் இல்லையென்றால் நடுநிலை. எலுமிச்சைச் சாறும் வினிகரும் தம் மணத்தாலேயே வெங்காயத்தை மறைத்துவிடும் என்பதால் துணிச் சோதனைக்கு அவற்றைத் தவிர்க்க வேண்டும். குழப்பம் எங்கே நேர்ந்தது என்பதையும் எளிதில் கண்டுகொள்ளலாம்: ஒரே கரைசலுக்கு இரண்டு குழுக்கள் வேறு வேறு விடை சொன்னால், அநேகமாக ஒரு குழு துணியைச் சரியாக அலசவில்லை.

செம்பருத்தி மேசையிலேயே இருக்கட்டும். எந்த இரண்டு சோதனைகளையும் செய்து முடிவைச் சொல்லலாம் என்பதுதான் விதி. பார்வையற்ற மாணவி யாரையும் கேட்காமல் தன் விடைக்குத் தானே வருகிறாள். நிறம் பிரியாத மாணவனை யாரும் அடையாளம் காணாமலேயே அவன் தடை நீங்கிவிட்டது. மற்ற முப்பத்தாறு பேருக்கும் ஒரு லாபம் உண்டு: ஒரே சான்றை நம்பாமல் இன்னொன்றோடு ஒத்துப்பார்க்கும் பழக்கம் பாடத்துக்குள் வந்துவிடுகிறது. முதல் வழி எவ்வளவு நன்றாக நடந்தாலும் இந்த லாபத்தைத் தராது.

தேர்வு நேரத்திலும் இதே வேறுபாட்டைக் காணலாம். மத்திய அரசின் வழிகாட்டுதல்களின்படி, தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுசெய்யும் நேரம் தர வேண்டும். நாற்பத்தைந்து நிமிட வகுப்புத் தேர்வுக்கு இதே கணக்கைப் போட்டால் பதினைந்து நிமிடம் வரும். நடைமுறையில் மணி அடித்ததும் அடுத்த ஆசிரியர் வாசலில் நிற்பார். சான்றிதழ் உள்ள மாணவன் மட்டும் தாளைத் தூக்கிக்கொண்டு ஓய்வறைக்கோ நூலகத்துக்கோ போவான், எல்லாரும் அவனைப் பார்ப்பார்கள். அதற்குப் பதிலாக, பெரும்பாலோர் இருபத்தைந்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய தாளைத் தயாரித்து நாற்பத்தைந்து நிமிடத்தையும் எல்லாருக்கும் கொடுத்தால், யாரும் எழுந்து போக வேண்டியதில்லை. விரல் இறுகும் மாணவி நடுவில் இரண்டு முறை கையை நீவிவிட்டுக்கொண்டு எழுதி முடிப்பாள். வேகம் நோக்கமாக இல்லாத பாடத்தில் வேகத்தை அளப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு இரண்டாம் வழியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, அது எளிதில் வேறொன்றாகத் திரிந்துவிடுகிறது. பயிற்சி முடித்து வரும் ஆசிரியர்கள் ஒரே பாடத்துக்கு ஆறு வகைப் பணித்தாள் தயாரித்து, இரண்டு வாரத்தில் களைத்து, மூன்றாவது வாரம் பழைய முறைக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். ஆறு தாள் என்பது தனித்தனிச் சலுகையை முன்கூட்டியே செய்து வைப்பதுதான்; வடிவமைப்பு என்பது ஒரே தாளின் நோக்கத்தைச் சரிசெய்வது. "படம் வரையலாம், பாடலாம், நடிக்கலாம்" என்று வாய்ப்பை விரித்துவிட்டு, வரைந்த படத்தில் சான்று இருக்கிறதா என்று யாரும் பார்க்காமல் விடுவது இன்னொரு திரிபு. இந்த முறையால் மதிப்பெண் உயர்கிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வுச் சான்றும் இன்னும் திரளவில்லை. ஒவ்வோர் ஆய்விலும் ஒவ்வொன்றை இந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது குறை அடிப்படையானது. எவ்வளவு கவனமாக வடிவமைத்தாலும் சிலருக்குத் தனி ஏற்பாடு தேவைப்படவே செய்யும். அடுத்த பாடமே அமில, காரத் தன்மையை எண்ணால் சொல்லும் பி.எச். அளவுகோல்; அங்கே பல நிறங்களை அட்டையோடு ஒப்பிட வேண்டும், வெங்காயத் துணி எண்ணைச் சொல்லாது. பார்வையற்ற மாணவிக்கு அளவீட்டைப் பேசிச் சொல்லும் கருவி வேண்டும், அது இல்லாத பள்ளியில் வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கேள்வித்தாள் அவளுக்குப் பிரெய்லில் வேண்டும். பிரெய்லில் எழுத அந்த நாற்பத்தைந்து நிமிடமும் போதாமல் போகலாம். பொதுத்தேர்வின் தாளையும் நேரத்தையும் வகுப்பாசிரியர் வடிவமைப்பதில்லை என்பதால், அங்கே சொல்வதை எழுதுபவர் போன்ற தனி ஏற்பாடு இல்லாமல் முடியாது.

ஆகவே, "எங்கள் பள்ளியில் பாடமே எல்லாருக்குமாக அமைந்திருக்கிறது, தனியாக எதற்கு?" என்று ஒரு நிர்வாகம் சொன்னால் பெற்றோர் அதை ஏற்கக் கூடாது. அனைவருக்குமான வடிவமைப்பு நல்ல கற்பித்தல் முறை. ஒரு பிள்ளையின் பெயரில் எழுதிக் கேட்டுப் பெறத்தக்க உரிமையாக நிற்பது தனி ஏற்பாடுதான். முதலாவதை வைத்து இரண்டாவதை மறுப்பது சட்டப்படியும் தவறு. என் தேர்வு, வரிசையைப் பற்றியது: தடை நோக்கத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்று பாடக்குறிப்பு எழுதும் அன்றே கேட்டு, கருவியில் இருப்பதை எல்லாருக்குமாக மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு எஞ்சுகிறவருக்குத் தனி ஏற்பாட்டைத் தயங்காமல் செய்ய வேண்டும். மேற்சொன்ன வகுப்பில் முதலில் நால்வர் இடறினார்கள். பாடத்தை மாற்றிய பிறகு தனி ஏற்பாடு தேவைப்படுவோர் அநேகமாக ஒருவர் அல்லது இருவர். சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வரும் அந்த ஓரிரு நாளில் நால்வருக்கும் நேரத்தைப் பங்கு போடாமல், பார்வையற்ற மாணவியோடு உட்கார்ந்து பி.எச். அளவுகோலைப் புடைப்பு வரைபடமாகச் செய்து முடிக்க அவருக்கு நேரம் கிடைக்கும்.