ஒரு சதவீத ரெட்டினால் பெரிதா, 0.05 ட்ரெட்டினாயின் பெரிதா?

நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஷாப்புக்கு ஒரு பெண் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்தார். இருபத்துநான்கு வயது இருக்கும், துணிக்கடையில் பில் போடுகிறவர். துப்பட்டாவை விலக்கியதும் பார்த்தேன். வாயின் இரண்டு ஓரமும் வெடித்திருந்தது. மூக்கு மடிப்பில் தோல் வெங்காயச் சருகு போல உரிந்து தொங்கியது. "தண்ணி பட்டாலே எரியுதுண்ணா" என்றார்.

இரண்டு மாதமாக அவர் ஒரு சதவீத ரெட்டினால் சீரம் போட்டிருக்கிறார். எந்தத் தொந்தரவும் இல்லை, முகப்பருவும் குறையவில்லை. தோழி ஒருவர் ட்ரெட்டினாயின் 0.05 ஜெல்லைச் சொல்லியிருக்கிறார். எங்கோ ஒரு கடையில் சீட்டு கேட்காமலேயே கொடுத்துவிட்டார்கள். டியூபைப் பார்த்தவர் கணக்குப் போட்டிருக்கிறார்: ஒன்றுக்கே ஒன்றும் ஆகவில்லை, 0.05 என்றால் இருபதில் ஒரு பங்குதானே? சீரத்தைப் போலவே முகம் கழுவிய ஈரத்தோடு, தாராளமாக, தினமும் இரவில் தடவினார். ஐந்தாம் நாள் முகம் இப்படி.

கணக்கு சரி. இரண்டும் வைட்டமின் ஏ வழியில் வந்தவைதான், ஆனால் ஒரே அளவுகோலில் இல்லை. தோலின் செல்லுக்குள் போய் வேலை செய்வது ரெட்டினாயிக் அமிலம். ட்ரெட்டினாயின் என்பதே அந்த அமிலம்தான், தடவியதும் நேராக வேலையைத் தொடங்கிவிடும். ரெட்டினாலைத் தோல் முதலில் ரெட்டினால்டிஹைடாக மாற்ற வேண்டும், அதை மறுபடியும் அமிலமாக மாற்ற வேண்டும். நெல்லை அவித்து, குத்தி, அப்புறம் சோறாக்குவது போல. போட்டதில் கொஞ்சம்தான் கடைசிவரை போய்ச் சேரும். 1995-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் மனிதத் தோலில் வைத்துப் பார்த்தபோது, 0.025 சதவீத ட்ரெட்டினாயின் மேல்தோலில் உண்டாக்கிய தடிப்புக்கு ஈடாக வர 1.6 சதவீத ரெட்டினாலை வைத்திருந்தார்கள். சிவப்பும் எரிச்சலும் மட்டும் ரெட்டினால் பக்கம் மிகக் குறைவு.

அதுவும் ஆய்வகத்தில் புதிதாகக் கலந்த ரெட்டினால். கடையில் வாங்குவது காற்றிலும் வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். அந்தப் பெண்ணின் சீரம் கண்ணாடிப் பாட்டிலில், சொட்டு மூடியோடு, ஜன்னலோரம் இருந்திருக்கிறது. இளமஞ்சளாக இருந்தது பழுப்பாகிவிட்டது என்று அவரே சொன்னார். ரெட்டினால் வாங்குகிறவர்கள் வெளிச்சம் புகாத டியூபிலோ, காற்றுப் புகாத பம்பிலோ வருவதை எடுப்பது நல்லது. லேபிளில் ரெட்டினைல் பால்மிடேட் என்று இருந்தால் அது ரெட்டினாலுக்கும் ஒரு படி முந்தையது, இன்னும் மென்மையானது.

மூன்றாவது ஆள் அடாபலீன். இது வைட்டமின் ஏ வழியில் வந்ததல்ல, செயற்கையாக உருவாக்கிய மூலக்கூறு. ஆனால் செல்லுக்குள் அதே வகை ஏற்பிகளில்தான் போய் உட்காரும். ட்ரெட்டினாயின் மூன்று வகை ஏற்பிகளையும் தட்டி எழுப்பும். அடாபலீன் முக்கியமாக இரண்டை மட்டும் தேர்ந்து பிடிக்கும். எரிச்சல் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். 0.1 அடாபலீன் ஜெல்லையும் 0.025 ட்ரெட்டினாயின் ஜெல்லையும் ஒப்பிட்ட ஐந்து சோதனைகளை, மொத்தம் 900 பேர், சேர்த்துப் பார்த்தபோது பரு குறைந்த அளவு ஏறத்தாழ ஒன்றே, தாங்கும் தன்மையில் அடாபலீன் மேல். வெயில் பட்டாலும் சிதையாது, பருவுக்கே போடும் இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடோடு போட்டாலும் கெடாது. பழைய வகை ட்ரெட்டினாயின் ஜெல் இரண்டிலும் கெட்டுப்போகும்.

அமெரிக்காவில் 0.1 அடாபலீனை 2016 ஜூலையிலிருந்து சீட்டில்லாமல் வாங்கலாம், ட்ரெட்டினாயினுக்கு அங்கே இன்றும் சீட்டு வேண்டும். அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நம் ஊரில் இரண்டுமே மருந்து, டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியவை. ரெட்டினால் மட்டும்தான் அழகுப் பொருள்.

சதவீதத்தைத் தாண்டி இன்னொன்று இருக்கிறது. அதே 0.025 ட்ரெட்டினாயின் ஜெல்லாக வந்தால் ஒரு மாதிரி, க்ரீமாக வந்தால் வேறு மாதிரி. ஆல்கஹால் கலந்த ஜெல் தோலை உலர்த்தும், எண்ணெய் வழியும் முகத்துக்குப் பொருந்தும். வறண்ட முகத்துக்கு க்ரீம் தாங்கும். இந்தப் பெண்ணின் முகம் வறண்டது, கடைக்காரர் கொடுத்தது ஜெல். ஈரத்தோடு வேறு தடவியிருக்கிறார், ஈரத்தில் மருந்து இன்னும் வேகமாக உள்ளே இறங்கும்.

நம் நிறத்துக்கு எரிச்சல் வெறும் எரிச்சலோடு போவதில்லை. மாநிறத்திலும் கருநிறத்திலும் தோல் வெந்துபோன இடத்தில் கருந்திட்டு விழும், பரு போன பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். பருத் தழும்பு போக வேண்டும் என்று தொடங்கியவருக்கு இது புதிய தழும்பு. அதனால்தான் எனக்கு "கொஞ்சம் உரிந்தால்தான் வேலை செய்கிறது" என்ற பேச்சே பிடிப்பதில்லை. லேசான வறட்சி, மாவு போன்ற உரிதல், இரண்டாம் மூன்றாம் வாரம் கூடி அப்புறம் தணிவது: இது எதிர்பார்த்தது. தண்ணீரும் சாதாரண மாய்ஸ்சரைசரும் பட்டால் எரிவது, வெடிப்பது, நீர் கசிவது: நிறுத்த வேண்டியது. பரு வழக்கமாக வரும் இடத்தில் சில வாரம் கூடுதலாகப் பொங்கலாம். இதுவரை வராத இடத்தில் பொரிப்பொரியாக வந்தால், அது மருந்து தோலைச் சீண்டுவது.

அந்தப் பெண்ணை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, சரும டாக்டரிடம் அனுப்பினேன். கர்ப்பம் உண்டா, திட்டமிடுகிறாரா என்பதை டாக்டர் முதலில் கேட்டார் என்றார். இந்த மூன்றையுமே கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்வார்கள். இரண்டு வாரம் வெறும் மாய்ஸ்சரைசரும் பகலில் சன்ஸ்க்ரீனும்தான். அப்புறம் அடாபலீன் 0.1. முகம் கழுவித் துடைத்து, இருபது நிமிடம் காயவிட்டு, மாய்ஸ்சரைசர் போட்டு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் மூன்றும் விலக்கு. வாரம் இரண்டு இரவில் தொடங்கி, மூன்றாம் வாரத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள்.

பரு என்றால் அடாபலீனிலிருந்து தொடங்குவதே எனக்கும் சரியென்று படும். வெயிலில் தளர்ந்த தோலும் நுண்சுருக்கமும்தான் கவலை என்றால் ட்ரெட்டினாயினுக்குத்தான் ஆதாரம் அதிகம், அமெரிக்காவில் 1995-இல் அதற்கென்றே 0.05 க்ரீமுக்கு அனுமதி கிடைத்தது. மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். பரு இல்லாமல், தோல் எளிதில் சிவந்துபோகிறவர் ரெட்டினாலோடு நிற்கலாம், பலன் மெதுவாக வரும்.

ஒன்று மட்டும் கவனம். ட்ரெட்டினாயின் என்று பெயர் போட்டு, கூடவே நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோக்வினோனும் மொமெட்டசோனும் கலந்த க்ரீமைச் சிவப்பழகு க்ரீம் என்று வாங்கிப்போகிறவர்கள் நிறைய. மொமெட்டசோன் ஸ்டீராய்டு. அது எரிச்சலை அமுக்கிவிடுவதால் முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து இரத்தக் குழாய் தெரியும், நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். டியூபின் பின்பக்கம் பெயர் ஒன்றா மூன்றா என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் சன்ஸ்க்ரீன் வாங்க வந்தார். தாடையில் பரு பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. வாயோரம் வெடித்த இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் பழுப்புக் கோடு இன்னும் இருந்தது.