காயில் கட்டாமலே காயில் கட்டிய கூலி: யாங்கோனில் பழைய கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

யாங்கோன் நகர நடுப்பகுதியில் மோட்டார் பழுதுபார்க்கும் கடை ஒன்று, எங்கள் வீட்டுக் கிரைண்டர் மோட்டாரின் காயில் முழுவதும் கருகிவிட்டதாகச் சொல்லி, புதுக் காயில் கட்டியதாக ரசீது எழுதி, 1,60,000 கியாட் வாங்கிக்கொண்டது. உண்மையில் அந்தக் காயிலை யாரும் தொடவே இல்லை. கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அவர்கள் செய்த விதமும், அது வெளிப்பட்ட விதமும், அனோரத்தா சாலையை ஒட்டிய தெருக்களில் இன்னும் வீட்டிலேயே மாவு அரைக்கும் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

கிரைண்டர் என் பாட்டி காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வந்தது. தரையில் நிற்கும் பெரிய வகை. கல் உரல் சுழலும், குழவி ஒரு கைப்பிடியில் நின்று அதன்மேல் உருளும், அடியில் உள்ள மோட்டார் ஒரு பெல்ட் வழியாக உரலைச் சுழற்றும். இந்த நாட்டில் விளையும் உளுந்து சென்னைக்குப் போகிறது, அதை அரைக்கும் இயந்திரம் கோவையிலிருந்து இங்கே வருகிறது என்று சித்தப்பா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் காலை அம்மா உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டியபோது, மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியதே தவிர உரல் அசையவில்லை. அம்மா உடனே நிறுத்திவிட்டார். அது மிக முக்கியம். சுழலாமல் நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். உள்விசிறியும் சுற்றாததால் அந்த வெப்பம் வெளியேற வழி இல்லை. முனகலோடு சில நிமிடம் விட்டிருந்தால் காயில் மெய்யாகவே கருகியிருக்கும்.

எங்கள் ஊரில் இப்படி முனகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வீட்டு மின்சாரத்தைத்தான். தொடக்கத்தில் மோட்டார் தரும் இழுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டுக்குப் பதில் 160 வோல்ட் வந்தால் விசை ஏறக்குறைய பாதியாகிவிடும், ஊறிய உளுந்து நிறைந்த கல்லை அந்த விசையால் நகர்த்த முடியாது. அன்று ஸ்டெபிலைசரில் முள் 215க்கு மேலே நின்றதால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. உரலைக் கையால் சுற்றிப் பார்த்தபோது எளிதாகச் சுழன்றது, ஆகவே பேரிங்கும் இறுகவில்லை.

அதன் பிறகு சித்தப்பா, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைக் கழற்றினார். மீண்டும் பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்ட அதே நொடியில் ஒரு நீளமான மூங்கில் குச்சியால் மோட்டாரின் புல்லியை ஒரு பக்கம் தட்டினார். மோட்டார் அந்தப் பக்கமாகவே வேகம் பிடித்து ஓடியது. நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் தட்டினார். இப்போது எதிர்ப்பக்கம் ஓடியது. "கண்டென்சர் போயிருக்கிறது அண்ணி, காயில் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் விரலால் தொடக்கூடாது, குச்சி வேண்டும். தட்டியும் ஓடவில்லை என்றால் இரண்டு மூன்று நொடிக்குள் நிறுத்திவிட வேண்டும்.

சித்தப்பா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காயில் என்று நாம் சொல்வது இந்த மோட்டாருக்குள் இருக்கும் இரண்டு கம்பிச் சுருள்களைத்தான். ஒன்று முக்கியச் சுருள், மற்றது துணைச் சுருள். முக்கியச் சுருள் தனியாக வேலை செய்தால் அதன் காந்தம் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று தண்டுக்குச் சொல்லாது. அந்தத் துடிப்புதான் நாம் கேட்கும் முனகல். துணைச் சுருளோடு தொடராக இணைந்த கண்டென்சர், அதில் ஓடும் மின்சாரத்தைச் சற்று முன்னால் தள்ளிவிடுவதால்தான் சுழற்சிக்கு ஒரு திசை கிடைக்கிறது. கண்டென்சர் செத்துவிட்டால், வெளியிலிருந்து யாராவது திசையைக் கொடுத்தால் போதும், மோட்டார் அந்தப் பக்கம் ஓடிவிடும். முக்கியச் சுருள் எரிந்திருந்தால் எவ்வளவு தட்டினாலும் ஓடாது.

சித்தப்பாவுக்கு மறுநாள் மோலமைனுக்குப் போக வேண்டியிருந்ததால், நானும் தம்பியும் மோட்டாரை மட்டும் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்றோம். தட்டினால் ஓடுகிறது என்று தெளிவாகச் சொன்னோம். கடைக்காரர் காதில் வாங்கவில்லை. "வைத்துவிட்டுப் போங்கள், திறந்து பார்த்துச் சொல்கிறேன்" என்றார். அன்று மாலை தொலைபேசியில் அழைத்துக் காயில் கருகிவிட்டது என்றார். நேரில் போனபோது, கருநிறமான ஒரு கம்பிக் கற்றையை மேசைமேல் வைத்து, இதுதான் உங்கள் மோட்டாரில் இருந்து வெட்டியெடுத்தது என்று காட்டினார். மோட்டார் எங்கே என்று கேட்டதற்கு, உள்ளே வார்னிஷ் காய்ந்துகொண்டிருக்கிறது என்றார். பழைய கம்பியை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று தம்பி சொன்னதும், அது கடைக்குத்தான் சேரும், கூலியில் கழித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. ரசீதில் 'செம்புக் காயில் கட்டியது, கண்டென்சர் புதிது' என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் மோட்டாரைப் பொருத்தியதும் உரல் சுழன்றது. ஆனால் எதிர்த்திசையில். எங்கள் வகைக் கிரைண்டரில், உரலின் உட்சுவரை ஒட்டி நிற்கும் பலகை ஒட்டிய மாவை வழித்துக் குழவிக்கு அடியில் தள்ளும். அந்தப் பலகை ஒரு பக்கச் சுழற்சிக்காகவே சாய்த்து வைக்கப்பட்டது. திசை மாறியதால் மாவு குழவிக்குப் போகாமல் பலகையின் முதுகில் குவிந்து, விளிம்பைத் தாண்டி வெளியே வழிந்தது. அதோடு, பாதி அரைப்பதற்குள் மோட்டாரின் மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறிவிட்டது. புதுக் காயில் அப்படித்தான் முதலில் சூடாகும், பழகிவிடும் என்று கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். காயில் பழகுவதெல்லாம் கிடையாது. சரியாகக் கட்டிய மோட்டார் முதல் நாளிலிருந்தே ஒரே அளவில்தான் சூடாகும்.

எங்கள் தெருவில், மோட்டார் கட்டும் வேலையில் பல்லாண்டு இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டு போனோம். அவர் முதலில் கண்டென்சரின் இரு முனைகளையும் ஒரு பல்பின் ஒயர்களால் தொட்டு, அதில் தங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினார். பிறகு அதைத் தனியாகப் பிரித்து மீட்டரில் பார்த்தார். 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டரும் கிட்டத்தட்ட அதையே காட்டியது. மோட்டாரின் தகட்டில் இருப்பதும் 10தான். கண்டென்சரில் குறையில்லை.

அடுத்து, மோட்டாரிலிருந்து வெளியே வரும் மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக அளந்தார். ஒரு ஜோடி 18 ஓம், அடுத்தது 31 ஓம், மூன்றாவது 49 ஓம். "18ம் 31ம் சேர்ந்தால் 49. கணக்கு சரியாக இருக்கிறது, இரண்டு சுருளும் முழுசாக இருக்கின்றன" என்றார். அதிக எண் காட்டும் ஜோடியில் சேராத ஒயர்தான் பொது ஒயர். அதிலிருந்து 18 காட்டுவது தடித்த கம்பியாலான முக்கியச் சுருள், 31 காட்டுவது மெல்லிய கம்பியாலான துணைச் சுருள். கண்டென்சர் அந்த இரண்டின் வெளி முனைகளுக்கு நடுவே நிற்கும், மின்சாரம் முக்கியச் சுருளின் பக்கம் நுழைய வேண்டும். கடையில் கண்டென்சரை மாற்றும்போது ஒயரைத் தவறான பக்கத்தில் முறுக்கிவிட்டார்கள். மின்சாரம் துணைச் சுருளுக்கு நேராகப் போய், முக்கியச் சுருள் கண்டென்சருக்குப் பின்னால் போய்விட்டது. திசை மாறியதும், மெல்லிய கம்பி சூடேறியதும் இந்த ஒரே தவறால்தான். புதிதாகக் காயில் கட்டியவர் தம் கையால் கட்டிய சுருள்களில் எது எது என்று தெரியாமல் இணைக்கமாட்டார் என்று பெரியவர் சொன்னபோதுதான், கட்டவே இல்லையோ என்று நாங்கள் நினைத்தோம்.

மூடியைத் திறந்ததும் அது உறுதியானது. மேலே புது வார்னிஷ் பளபளத்தது. ஆனால் அதன் அடியில் கம்பிகளைக் கட்டிய பருத்தி நூல் பல வருட அழுக்கில் பழுத்துக் கிடந்தது. இரும்புப் பள்ளங்களில் செருகியிருந்த காப்புத்தாளின் ஓரம் பழுப்பேறியிருந்தது. நூலுக்கும் கம்பிக்கும் நடுவே, உளுந்து மாவு காய்ந்த வெள்ளைத் துகள்களை வார்னிஷ் அப்படியே மூடியிருந்தது. காயிலைப் புதிதாகக் கட்டுபவர் பழைய கம்பியை வெட்டி இழுத்து, பள்ளத்தைச் சுரண்டிப் புதுத்தாள் போட்ட பிறகே தொடங்குவார். மாவுத்துகள் அங்கே மிஞ்ச வழியே இல்லை. எங்களிடம் காட்டிய கருகிய கற்றை வேறு யாருடைய மோட்டாரிலிருந்தோ வந்திருக்க வேண்டும்.

பெரியவர் ஒயரைச் சரியான பக்கத்துக்கு மாற்றினார். உரல் பழைய திசையில் சுழன்றது, மாவு குழவிக்கு அடியில் போனது, முழு ஈடு அரைத்த பிறகும் மோட்டார் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கண்டென்சரின் விலை சந்தையில் 9,000 கியாட்டுக்குள் என்று அவரே சொன்னார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

படங்களோடு கடைக்குத் திரும்பப் போனோம். "ஓடுகிறதல்லவா, பிறகென்ன?" என்பதுதான் முதல் பதில். நூலையும் மாவுத்துகளையும் காட்டியபோது, வேலையாள் தவறாகச் சொல்லியிருப்பான் என்றார். பணம் கேட்டபோது, ஒரு பெல்ட் இலவசமாகத் தருகிறேன் என்றார். பெல்ட் எங்களுக்குத் தேவையில்லை என்று வந்துவிட்டோம். பணம் இன்றுவரை வரவில்லை.

மோட்டாரைக் கடையில் விடுகிறவர்கள், முன்கூட்டியே மூன்று ஒயர்களின் ஓம் அளவையும் வீட்டில் எடுத்து எழுதி, அதைக் கடைக்காரர் முன்னால் ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். சாதாரண மீட்டரே போதும். காயில் கட்டியே ஆக வேண்டும் என்றால், வெட்டுவதற்கு முன் திறந்த மோட்டாரை நேரில் பாருங்கள். பழைய செம்புக் கம்பியை எடை போட்டுத் திரும்பக் கேளுங்கள், அது உங்கள் சொத்து. ஒரு ஜோடி எந்த எண்ணும் காட்டாமல் அறுந்திருந்தாலோ, ஏதாவதொரு ஒயருக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் நடுவே மின்தொடர்பு தெரிந்தாலோ, வார்னிஷ் எரிந்த நெடி மூக்கைத் துளைத்தாலோ, அப்போது காயில் கருகிவிட்டது என்ற சொல் பெரும்பாலும் உண்மைதான். அங்கே கண்டென்சரை மட்டும் மாற்றிப் பயன் கிடையாது.