கேள்வி கேட்கப்பட்ட மனைவி, கேள்வி கேட்கும் மனைவி

"ராமரும் சீதையும் மாதிரி இருங்க" என்று வாழ்த்தாத கல்யாண வீடு குறைவு. அந்த வாழ்த்தின் பாதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அசோகவனத்தில் சீதை அனுமனிடம் சொல்லி அனுப்பும் செய்தியைக் கம்பன் எழுதியிருக்கும் இடம் அது. கைப்பிடித்த நாளில் ராமன், "இந்த இப்பிறவிக்கு இரு மாதரைச் சிந்தையாலும் தொடேன்" என்றானாம். அறுபதாயிரம் மனைவியர் கொண்ட தசரதனின் மகன் இப்படிச் சொல்வது சின்ன விஷயமல்ல. கற்பு ஆணுக்கும் உண்டு என்ற எண்ணத்துக்கு அந்த ஒரு வரி போதும். நல்ல கணவனை 'ஏகபத்தினி விரதன்' என்று இன்றும் புகழ்கிறோம்.

மறுபாதிதான் உறுத்துகிறது. போர் முடிந்ததும் அதே ராமன் ஊரறியச் சுடுசொல் சொல்கிறான், சீதை தீயில் இறங்குகிறாள். அவளது கற்பின் வெம்மை தாளாமல் அக்கினியே தவித்ததாகக் கம்பன் பாடுகிறான். ஆனாலும் நிரூபிக்க வேண்டியவள் மனைவி, கேட்கிறவன் கணவன் என்ற ஏற்பாடு மாறவில்லை.

இதற்கு நேர் எதிராக ஸ்ரீரங்கம் இருக்கிறது. ராமனின் குலதெய்வமாக இருந்து விபீஷணன் கைக்குப் போனவர் என்று தலபுராணம் சொல்லும் அதே அரங்கன்தான் இங்கே கணவன். பங்குனித் திருவிழாவின் ஆறாம் நாள் அரங்கனின் உற்சவரான நம்பெருமாள் காவிரி தாண்டி உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயார் சன்னதிக்கு வந்தால் கதவு சாத்தப்படுகிறது. பிரணய கலகம் என்பார்கள். மட்டையடி என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

இருவர் தரப்பிலும் கோயில் கைங்கரியக்காரர்கள் வாசிக்கிறார்கள். திருக்குழல் ஏன் கலைந்திருக்கிறது, கஸ்தூரித் திருமண்காப்பு ஏன் கரைந்திருக்கிறது என்று தாயார் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அவர் வேட்டைக்குப் போனதாகச் சமாளிக்கிறார். எடுபடாமல் போகவே சத்தியத்துக்கு வருகிறார்: கடலில் மூழ்குகிறேன், பாம்புக் குடத்தில் கையிடுகிறேன், அக்கினிப் பிரவேசம் செய்கிறேன். பிரளய வெள்ளத்தில் ஆலிலையில் துயின்றவருக்குக் கடல் ஒரு பொருட்டா, பாம்பைப் படுக்கையாகக் கொண்டவருக்குக் குடத்துப் பாம்பு எம்மாத்திரம் என்று பதில் வருகிறது. தீயில் இறங்குகிறேன் என்று இங்கே சொல்பவர் கணவன். அதுவும் போதாது என்பவள் மனைவி. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்கிறார். வீட்டுச் சண்டையில் பெரியவர் ஒருவர் நடுவே நிற்பது போலத்தான்.

கணவனின் உறுதிக்கு ராமனையே காட்டுவேன். அரங்கனிடம் அது கிடைக்காது. சண்டைக்குக் காரணமே இன்னொரு நாச்சியார்தான். உறையூர்க் கமலவல்லியின் பக்கம் நின்று பார்த்தால் இதுவும் நியாயமாகத் தெரியாது. ஆனால் மனம் வருந்திய மனைவி என்ன செய்யலாம் என்றால், கதவைச் சாத்தலாம், காரணம் கேட்கலாம், பொய்யைப் பொய் என்று சொல்லலாம் என்கிறது ஸ்ரீரங்கம். அப்படிக் கேட்டதால் அவள் பத்தினித் தன்மை குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. அவள் படிதாண்டாப் பத்தினி என்றே போற்றப்படுகிறாள். கதவு திறந்தபின் இருவரும் ஒன்றாகக் காட்சி தரும் சேர்த்தி, ஆண்டில் அந்த ஒரு நாள்தான்.