முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரே ஒரு பல் கூட்டி இரண்டு வருடம் ஓட்டிய அனுபவம்

என் பைக் ஐந்து கியர் வண்டி. நெடுஞ்சாலையில் 80-ல் போகும்போது இன்ஜின் 5,300 ஆர்பிஎம் பக்கத்தில் சுற்றும். அந்த இடத்தில்தான் கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் அதிர்வு ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப் போகும். இதற்காகத்தான் செயின் செட் மாற்ற வேண்டிய நேரம் வந்தபோது, முன்னால் இருந்த 14 பல் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பதில் 15 பல் போட்டேன். பின்னால் அதே 42. இரண்டு வருடம், 21,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது.

மாற்றுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை ஐந்தாவது கியரில் 5,000 ஆர்பிஎம்முக்கு 212 கி.மீ. வேகம் என்று வந்தது! நான் விட்டுப்போனது பிரைமரி ரிடக்‌ஷன். கார் என்றால் கியர்பாக்ஸ், ஃபைனல் டிரைவ் என்று இரண்டு விகிதத்தைப் பெருக்கினால் போதும். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவிலேயே ஒரு ஜோடி பற்சக்கரம் வேகத்தைக் குறைத்துவிடும். என் வண்டியில் 25 பல் சக்கரம் 70 பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதாவது கிராங்க் 2.8 சுற்று சுற்றினால்தான் கிளட்ச் ஒரு சுற்று சுற்றும்.

விகிதம் என்பது இவ்வளவுதான்: சுற்றப்படும் சக்கரத்தின் பல்லை, சுற்றும் சக்கரத்தின் பல்லால் வகுப்பது. ஐந்தாவது கியர் 0.92, செயின் 42/14, அதாவது 3. மூன்றையும் பெருக்கினால் 2.8 × 0.92 × 3 = 7.73. பின் சக்கரம் ஒரு தடவை சுற்ற இன்ஜின் 7.73 தடவை சுற்ற வேண்டும்.

டயர் சுற்றளவைப் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவை வைத்துக் கணக்கிட்டால் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்குகிறது இல்லையா. அதனால் காற்றைச் சரியாக அடித்து, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நான் மேலே உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டித் தரையில் அளந்தேன். 1.95 மீட்டர் வந்தது. பிறகு இதுதான் சூத்திரம்:

```
வேகம் (கி.மீ/மணி) = ஆர்பிஎம் × சுற்றளவு (மீ) × 60 ÷ (மொத்த விகிதம் × 1000)

14 பல்: 5000 × 1.95 × 60 ÷ (7.73 × 1000) = 75.7
15 பல்: 5000 × 1.95 × 60 ÷ (7.21 × 1000) = 81.1
```

15 பல் போட்டால் செயின் விகிதம் 2.8 ஆகிறது, மொத்தம் 7.21. அதே 80-க்கு இனி 4,930 ஆர்பிஎம் போதும். பின்னால் மூன்று பல் குறைத்து 39 போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட இதே பலன்தான். முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். பழைய நீளத்திலேயே புதுச் செயின் பொருந்தியது. ஆக்ஸில் மட்டும் மூன்று மில்லிமீட்டர் போல முன்னால் வந்தது.

பலன் முதல் நாளே தெரிந்தது. வழக்கமாகப் போகும் வேகத்தில் அதிர்வு இல்லை. வண்டி எங்கே வேகம் தருகிறது, எங்கே தராது என்பதை ஓட்டிப் பார்க்காமலே காகிதத்தில் தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு இன்றும் அதிசயம்தான்.

ஆனால் எனக்குத் தேவைப்பட்டது டாப் கியரில் மட்டும். ஸ்ப்ராக்கெட் எல்லாக் கியருக்கும் பொது. ஐந்தாவதில் 6.7 சதவீதம் ஆர்பிஎம் குறைந்தால், முதல் கியரிலும் அதே 6.7 சதவீதம் குறையும், பின் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் அதே அளவு குறையும். மாற்றும்போதே மெக்கானிக் சொன்னார்: "அண்ணே, பல் ஏத்தினா ரோட்டுல சொகமா போவும். ஏத்தத்துல கியரைக் கொறைச்சுக்கிட்டே இருக்கணும், பரவாயில்லையா?" அவர் சொன்னது சரிதான். பின்னால் மனைவியும் பையும் இருக்க, 60-ல் ஏற்றம் ஏறினால் முன்பு ஐந்தாவதிலேயே சுமாராக 3,960 ஆர்பிஎம்மில் ஏறிவிடும். இப்போது அதே வேகத்தில் 3,700தான். வண்டி திணறுகிறது. நாலாவதுக்கு இறக்கினால் 4,500, நன்றாக இழுக்கிறது. எதிர்க்காற்றிலும் இதே கதை. உச்ச வேகம் கூடவில்லை. வண்டிக்கு இருக்கிற பவர் மாறவில்லையே, அது எப்படிக் கூடும்?

மைலேஜ் விஷயத்தில் நான் ஏமாறப் பார்த்தேன். முன்பு நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 45 கிடைத்தது. மாற்றிய பிறகு மீட்டர் கணக்குப்படி 44. ஆர்பிஎம் குறைந்தும் மைலேஜ் குறைவதா என்று ஒரு மாதம் குழம்பினேன். ஒருநாள் சாலையோரக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே போனேன். 15 கிலோமீட்டர் கடந்தபோது ஓடோமீட்டர் 14 காட்டியது. அப்போதுதான் புரிந்தது. என் வண்டியில் வேக சென்சார் கியர்பாக்ஸின் வெளித் தண்டில் இருக்கிறது. தண்டு சுற்றுவதை எண்ணி 14 பல் இருப்பதாக நினைத்துத் தூரத்தைச் சொல்கிறது. சரிசெய்து பார்த்தால் லிட்டருக்கு 47. ஸ்பீடோமீட்டரிலும் இதே பிழை: 75 காட்டும்போது நிஜ வேகம் 80. வேகக் கட்டுப்பாடு உள்ள இடங்களில் இது முக்கியம். முன் சக்கரத்தில் சென்சார் உள்ள வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாற்றும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விலையும் இருக்கிறது, அது உடனே தெரியாது. ஐடிலிங் 1,400 ஆர்பிஎம்மில் கிளட்ச்சை முழுதாக விட, முதல் கியரில் முன்பு 7.1 கி.மீ. வேகம் போதும். இப்போது 7.6 வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக ஹாஃப் கிளட்ச்சில் பிடிக்க வேண்டியிருக்கிறது.

18,000 கிலோமீட்டரில் அதன் தடயம் வந்தது. மீட்டர் 75 காட்டினால் டகோமீட்டர் 4,950-ல் நிற்க வேண்டும், இது எனக்கு மனப்பாடம். ஒரு ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கியபோது வேகம் 75-லேயே இருக்க, முள் 5,300-க்கு ஏறியது. கியர் பல்லும் செயினும் வழுக்காது. பல் எண்ணிக்கை மாறாத வரை இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. நடுவில் வழுக்கக்கூடியது கிளட்ச் மட்டும்தான். கேபிளில் ஃப்ரீ பிளே சரியாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் பிரிக்‌ஷன் பிளேட்டுகள் குறைந்தபட்சத் தடிமனுக்கும் கீழே தேய்ந்திருந்தன. முழுப் பழியையும் ஸ்ப்ராக்கெட் மேல் போட மாட்டேன், அதற்கு முன்பே அந்த பிளேட்டுகள் நிறைய ஓடியிருந்தன. புது பிளேட் போட்டு அதே ஏற்றத்துக்கு மறுபடி போனேன். மீட்டரில் 75, முள் 4,950.