429 வந்தால் எல்லாரும் நிற்க வேண்டும்: ஒரு பணித்தள ஏபிஐயுடன் நெடுநாள் பழகியவனின் குறிப்பு

நான் பயன்படுத்தும் அதே பணி மேலாண்மைத் தளத்துக்கு நண்பர் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார். "நிமிடத்துக்கு 60 கோரிக்கை என்றுதானே வரம்பு? பிறகு ஏன் மணிக்கணக்கில் பூட்டியே கிடக்கிறது?" என்று கேட்டார். நெடுநாளாக என்னை எரிச்சலூட்டுவதும் இதுதான்: இந்தத் தளம் நிராகரித்த கோரிக்கைகளையும் கணக்கில் சேர்க்கிறது. ஆவணத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அவருடைய ஸ்கிரிப்ட் 300 பணிகளை முடிந்தவையாகக் குறிக்க வேண்டும். நான்கு இழைகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. முதல் 60 பணிகள் சில வினாடிகளில் முடிந்துவிடும். அதன்பின் 429, அதாவது வரம்பு மீறிவிட்டது என்ற மறுப்பு. உடனே ஒவ்வோர் இழையும் வினாடிக்கு ஒருமுறை மறுபடி தட்டுகிறது. அதாவது நிமிடத்துக்கு 240 முறை. கடைசி 60 வினாடிகளின் கணக்கு எப்போதும் வரம்புக்கு மேலேயே இருப்பதால், மீதி 240 பணிகளில் ஒன்றுகூட நகராது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்று பதிலோடு வரும் `Retry-After` ஹெடரின் மதிப்பைப் பதிவேட்டில் எழுதிப் பாருங்கள். நிராகரித்தவை கணக்கில் சேராவிட்டால் அந்த எண் ஒவ்வொன்றாக இறங்கும். இங்கோ 45-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது.

இந்த ஹெடரைப் பாராட்டத்தான் வேண்டும். 429 பதிலோடு அதை அனுப்பியே தீர வேண்டும் என்று தரநிலை கட்டாயப்படுத்தவில்லை. இந்தத் தளம் பெரும்பாலும் அனுப்புகிறது, அதுவும் வினாடிக் கணக்கில். வராத நேரங்களுக்கு இரட்டிப்புக் காத்திருப்பு இருக்கட்டும்:

```python
h = r.headers.get("Retry-After", "")
base = int(h) if h.isdigit() else min(60, 2 ** n)
time.sleep(base + random.uniform(0, base / 2))
```

இதில் `n` என்பது எத்தனையாவது மறுமுயற்சி என்பது. கடைசி வரியில் உள்ள தற்செயல் கூட்டல், தனித்தனிக் கணினிகளில் ஓடும் ஸ்கிரிப்டுகள் ஒரே நொடியில் விழித்துக்கொண்டு மோதாமல் தடுக்கிறது. ஒரே ஸ்கிரிப்டின் நான்கு இழைகளுக்கு அது போதாது. ஓர் இழைக்கு 429 வந்தால் "இந்த நேரம் வரை யாரும் அனுப்பக்கூடாது" என்று பொதுவாகக் குறித்துவைத்து, நான்கும் நிற்க வேண்டும். பிறகு எல்லா இழைகளுக்கும் சேர்த்து வினாடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக அனுப்பினால் போதும். எவ்வளவு அவசரப்பட்டாலும் இந்த வரம்பில் 300 பணிகள் நான்கு நிமிடங்களுக்குக் குறைந்து முடியப்போவதில்லை; நிதானமாகப் போனால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்.

(புதிய பணி உருவாக்கும்போது 429 வந்தால் அச்சமின்றி மறுபடி அனுப்பலாம், ஏனெனில் எதுவும் உருவாகவில்லை. பதிலே வராமல் நேரம் கடந்துவிட்டால் முதலில் தேடிப் பாருங்கள். இல்லையேல் ஒரே பணி இரண்டாகப் பதிவாகும்.)

இவ்வளவும் சரிசெய்தபின் என் ஸ்கிரிப்ட் 429-ஐ அரிதாகத்தான் பார்க்கிறது. ஆனாலும் பல ஸ்கிரிப்டுகள் ஒரே கணக்கைப் பகிரும் குழுவுக்கு இந்தத் தளத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவருடைய முரட்டு ஸ்கிரிப்ட் மற்ற எல்லாரையும் வெளியே நிறுத்திவிடும். அது யாருடையது என்று காட்டும் வசதியும் இங்கே இல்லை.